தொண்டு நிறுவனத்துக்கு விருப்பக் கடிதம்: செய்ததை மிகைப்படுத்தாமல் எழுதுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வித் துறையில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சில ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்தேன். அப்போதும் அதன் பிறகும் இளைஞர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. விடைகளில் திரும்பத் திரும்ப வரும் கடிதம், தமிழ்நாடு அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் விழுப்புரம் மாவட்டத்தில் தன்னார்வலராக இருந்த ஒரு பெண் எழுதியது. அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரமே வரவில்லை. அப்படியிருக்க நான் எதை நம்பி எழுதுவது? இதுவும் வேலை விண்ணப்பமும் ஒன்றுதானே?

விளம்பரம் வந்த பணிக்கு எழுதும்போது, அவர்கள் கேட்ட தகுதிகள் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னால் போதும். விருப்பக் கடிதத்தில் கேள்வித்தாளே இல்லை. உங்களை எந்த வேலையில், எந்த ஊரில் வைத்துப் பார்க்கலாம் என்பதைப் படிப்பவருக்கு நீங்கள்தான் காட்டித்தர வேண்டும். "எந்தப் பணியானாலும் செய்யத் தயார்" என்று எழுதுவது பணிவாகத் தோன்றினாலும், யோசிக்கும் வேலை முழுவதையும் அது படிப்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது.

இதற்குப் பின்னால் பணம் சார்ந்த காரணமும் உண்டு. தொண்டு நிறுவனத்துக்கு வரும் நிதியின் பெரும்பகுதி, இந்த ஒன்றியத்தில் இந்தத் திட்டத்துக்கு இத்தனை மாதங்களுக்கு என்று கட்டுப்பட்டே வருகிறது. வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம் அந்த நிதியில் 50 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்குப் பயன்படுத்தலாம் என்று முன்பு இருந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது 20 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. ஆகவே, ஆள் நல்லவராகத் தெரிகிறார் என்பதற்காகத் தலைமை அலுவலகத்தில் ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போடுவது பல நிறுவனங்களால் இயலாத காரியம். நடந்துகொண்டிருக்கும் திட்டம் ஒன்றின் பெயரைக் குறிப்பிட்டு, அதில் நான் இன்ன வேலைக்குப் பொருந்துவேன் என்று எழுதப்பட்ட கடிதமே அந்தத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் மேசைக்குப் போகிறது. பொதுவாக எழுதப்பட்டது கோப்பில் தங்கிவிடுகிறது.

அப்படியானால் நிறுவனத்தைப் பற்றி எவ்வளவு படித்துவிட்டு எழுத வேண்டும்?

அவர்களுடைய கடைசி ஆண்டறிக்கையைப் படித்தால் போதும். அதிலும் உங்கள் மாவட்டத்தில் அல்லது உங்களுக்குத் தெரிந்த துறையில் அவர்கள் செய்வதைச் சொல்லும் இரண்டு மூன்று பக்கங்களை ஊன்றிப் படியுங்கள். அந்தப் பக்கங்களிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்து, அதை உங்கள் அனுபவத்தோடு இணைத்து எழுதினால், நீங்கள் படித்திருப்பது தானே தெரிந்துவிடும். "தங்களது உன்னதமான சேவை" என்று தொடங்கும் பத்தியை நாங்கள் கண்ணால் தாண்டிச் செல்வதே வழக்கம். அங்கே பணிபுரிபவர்களுக்குத் தங்கள் சேவையின் குறைகளும் நன்றாகவே தெரியும்.

ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறேன் என்பதை எழுதும்போது, ஒன்று மேடைப்பேச்சாகிவிடுகிறது அல்லது அழுகையாகிவிடுகிறது. எப்படித்தான் எழுதுவது?

"சிறுவயது முதலே சமூகசேவையில் எனக்கு நாட்டம் உண்டு" என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அது பொய்யென்று சொல்லவில்லை. மெய்யா பொய்யா என்று சரிபார்க்க அதில் ஒன்றுமே இல்லை என்பதுதான் குறை. ஆர்வத்தை நம்பவைக்கும் எழுத்தில் பெரும்பாலும் மூன்று செய்திகள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும். கண்ணால் கண்ட ஒன்று, அதைக் கண்டபின் நீங்கள் செய்த ஒன்று, செய்தபின்னும் உங்களுக்கு விடை கிடைக்காமல் நிற்கும் ஒன்று.

விழுப்புரத்துப் பெண்ணின் முதல் வரைவு, கல்வியே சமூக மாற்றத்தின் திறவுகோல் என்று தொடங்கியது. அவரிடம் பேசிப் பார்த்தபோது வேறொரு செய்தி வெளிவந்தது. மாலை வகுப்புக்கு வந்த நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடப்புத்தகத்துப் பக்கம் ஒன்றைத் தடையில்லாமல் ஒப்பித்தான். அதே பக்கத்தின் சொற்களை இடம் மாற்றித் தாளில் எழுதிக் கொடுத்தபோது அவனால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. பக்கத்தை அவன் மனப்பாடம் செய்திருந்தான். அதன்பிறகு அவர் ஒவ்வொரு குழந்தைக்கும் புத்தகத்தில் இல்லாத வாக்கியங்களை எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். இருந்தும், எழுத்தை அடையாளம் காணும் சில குழந்தைகளுக்குச் சொல்லாகக் கூட்டிப் படிப்பது ஏன் மாதக்கணக்கில் வரவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளவே ஓர் அமைப்பில் சேர விரும்பினார்.

இதில் உருக்கம் ஒன்றுமில்லை. ஆனாலும், இவர் மறுபடியும் குழந்தைகள் முன் போய் உட்காருவார் என்ற எண்ணத்தை இது ஏற்படுத்துகிறது. விடை தெரியாமல் நிற்கும் அந்த மூன்றாவது செய்தியை எழுதப் பலர் தயங்குகிறார்கள்; அறியாமையை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், களத்தில் உண்மையிலேயே இருந்தவர்களால் மட்டுமே அப்படிப்பட்ட கேள்வியை எழுத முடிகிறது.

இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை வாங்கினேன். அதைத் தன்னார்வப் பணி என்று எழுதினால் தவறாகுமா?

தவறில்லை. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டமே உங்களைத் தன்னார்வலர் என்றுதான் அழைக்கிறது. ஊக்கத்தொகை உண்டு என்பது தமிழ்நாட்டில் இத்துறையிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒளிக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். ஆனால் "ஆசிரியராகப் பணியாற்றினேன்" என்று எழுதிவிடாதீர்கள். ஊர்க்குழந்தைகள் உங்களை டீச்சர் என்றோ அக்கா என்றோ கூப்பிட்டிருப்பார்கள். கடிதத்தில் தன்னார்வலர் என்பதே பதவிப்பெயர். இருபது குழந்தைகளுக்கு ஒருவர் என்று அமைந்த அந்தத் திட்டத்தில் உங்கள் பங்கு என்னவென்று படிப்பவருக்குத் தெரியும். பெயரை உயர்த்தினால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படிப்பார்.

மணிக்கணக்கு, குழந்தைகள் எண்ணிக்கை, முன்னேற்றம் எல்லாவற்றையும் எண்ணாகச் சொன்னால்தான் எடுபடும் என்கிறார்கள். எப்படிக் கணக்கிடுவது?

மிகை புகுந்துகொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். அதுவும் பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாதவர்கள் கையாலேயே புகுந்துவிடுகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மணிக்கணக்கு. விழுப்புரத்துப் பெண் 2022 ஜூலை முதல் 2023 மார்ச் வரை ஒன்பது மாதங்கள் வகுப்பு நடத்தினார். மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று பெருக்கியதில் 297 மணி நேரம் வந்தது. அதை "ஏறத்தாழ 300 மணி நேரம்" என்று எழுதியிருந்தார். வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணச் சொன்னேன். வடகிழக்குப் பருவமழையில் வகுப்பு நடக்காத நாட்கள், தீபாவளியும் பொங்கலும், அவருடைய சொந்தத் தேர்வு நாட்கள், கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் போய்விட்ட ஒரு வாரம் எல்லாம் கழிந்து மிஞ்சியது 132 நாள். 132 நாளை ஒன்றரையால் பெருக்கினால் 198 மணி நேரம். முன்பு எழுதிய கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. அவர் சற்று வாடித்தான் போனார். ஆனால் "132 மாலைகள்" என்ற சொல்லுக்கு "ஏறத்தாழ 300 மணி நேரம்" என்பதைவிட எடை அதிகம், ஏனென்றால் முன்னதை யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

அடுத்தது முன்னேற்றம். எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகக் கொடுத்து வாசிக்கச் செய்யும் எளிய சோதனையை அவர் ஜூலையிலும் மார்ச்சிலும் நடத்தியிருந்தார். ஜூலையில் 20 குழந்தைகளில் 5 பேர் இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள சிறுகதையைப் படித்தனர். மார்ச்சில் 17 பேரில் 11 பேர் படித்தனர். இதை அவர் "வாசிப்புத் திறனை 25 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடாக உயர்த்தினேன்" என்று எழுதினார். கூட்டல், வகுத்தல் எல்லாம் சரிதான். ஆனால் வாக்கியத்தில் மூன்று பிழைகள் உள்ளன.

இடையில் மூன்று குழந்தைகள் வகுப்பைவிட்டு நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் ஏற்கெனவே கதை படித்தவன், மற்ற இருவர் படிக்காதவர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த அதே 17 பேரை மட்டும் எடுத்தால் 4 பேர் 11 பேரானார்கள் என்பதே கணக்கு. அதாவது புதிதாகக் கதை படிக்கத் தொடங்கியவர்கள் ஏழு பேர். நின்றுபோனவர்களைச் சொல்லாமல் விடுவது முதல் பிழை. இருபதுக்கும் குறைவானவர்களைப் பற்றிப் பேசும்போது விழுக்காட்டில் எழுதுவது இரண்டாவது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து சோதனைக்கு வராவிட்டாலே விழுக்காடு ஆடிப்போகும். ஆள் எண்ணிக்கையாகவே எழுதுங்கள்.

மூன்றாவது பிழை "உயர்த்தினேன்" என்ற வினைச்சொல்லில் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் பகலில் பள்ளிக்கும் போனார்கள். அவர் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய மாதமான 2022 ஜூனில்தான் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. அவருடைய 17 பேரில் சிலர் மூன்றாம் வகுப்பு. கொரோனாக் காலத்தில் மூடியிருந்த பள்ளிகள் திறந்தபின் கிடைத்த முதல் முழுக் கல்வியாண்டும் அதுவே. ஆகையால் மாலை வகுப்பால் எவ்வளவு, பள்ளியால் எவ்வளவு, வயது ஏறியதால் எவ்வளவு என்று அவராலும் பிரிக்க முடியாது, வேறு யாராலும் முடியாது. "இந்த ஒன்பது மாதங்களில் ஏழு பேர் புதிதாகக் கதை படிக்கத் தொடங்கினார்கள், பள்ளி வகுப்புகளின் பங்கும் இதில் உண்டு" என்று எழுதுவதே பொருந்தும். நிதி தருவோருக்கு அறிக்கை எழுதிப் பழகிய எந்த ஒருங்கிணைப்பாளரும் இந்த ஒரு வரியைப் படித்து நிமிர்ந்து உட்காருவார். தன் களப்பணியாளர்களிடம் அவர் நாள்தோறும் கேட்டு அலுத்துப்போன எச்சரிக்கை அது.

பதிவேடே வைத்துக்கொள்ளவில்லை என்றால்?

நினைவிலிருப்பதை நினைவிலிருப்பதாகவே எழுதலாம். "வாரத்துக்கு மூன்று நான்கு மாலைகள், ஒரு கல்வியாண்டு முழுவதும்" என்பது கண்ணியமான வாக்கியம். எண்ணாத ஒன்றுக்குத் துல்லியமான எண் கொடுப்பதுதான் கூடாது.

நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழ் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் இரண்டு நாள் உணவுப் பொட்டலம் கட்டினேன். இவற்றையும் சேர்க்கலாமா?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. ஆகவே "240 மணி நேரச் சமூகப்பணி" என்று எழுதினால், சான்றிதழ் பெற்ற மற்ற மாணவர்கள் எழுதக்கூடிய அதே வாக்கியத்தைத்தான் நீங்களும் எழுதுகிறீர்கள். முகாமில் உங்கள் கையால் நடந்த ஒன்று இருந்து, அது நீங்கள் கேட்கும் பணியோடு தொடர்புடையதாகவும் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கண்டறிய வீடுவீடாகச் சென்ற கணக்கெடுப்பு. மரம் நட்டது, பேரணியில் நடந்தது போன்றவை தன்விவரக் குறிப்பில் இருக்கட்டும்.

புயல் நிவாரணத்தைப் பொறுத்தவரை, பேரிடர்ப் பணி செய்யும் நிறுவனத்துக்கு எழுதினால் "இரண்டு நாள்" என்று சொல்லியே சேர்க்கலாம். கல்வி நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் அதற்கு இடமில்லை. இரண்டு நாள் வேலையை "நிவாரணப் பணிகளில் ஈடுபட்டேன்" என்று கால அளவே இல்லாமல் எழுதுவதும் மிகைதான். படிப்பவர் இரண்டு மாதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும், அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்த வாக்கியமும் அமைந்திருக்கிறது.

வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் கதை மனத்தைத் தொடும். அவள் பெயரோடு, படத்தோடு எழுதலாமா?

வேண்டாம். பெயர், படம், ஊர், குடும்பத்தின் நிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒரு குழந்தையை அடையாளம் காண முடியுமானால் அந்தக் கதை உங்கள் கடிதத்தில் இருக்கக்கூடாது. குழந்தைகளோடு பணிபுரியும் நிறுவனங்கள் பலவற்றில் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை உண்டு. அப்பாவின் குடிப்பழக்கத்தையும் அம்மாவின் கடனையும் பெயரோடு எழுதியிருந்த ஒரு கடிதத்தை, மற்றபடி நன்றாக எழுதப்பட்டிருந்தும், நாங்கள் அங்கேயே நிறுத்திவைத்தோம். "நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன்" என்பதே போதும்.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

ஆண்டறிக்கையும் வலைத்தளமும் எந்த மொழியில் இருக்கின்றனவோ அதில் எழுதுங்கள். களப்பணிக்குத் தமிழிலேயே எழுதுவது பல இடங்களில் கூடுதல் தகுதி. ஆங்கிலத்தில் எழுதுவதானால் உங்களால் நேர்காணலில் பேச முடிகிற ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.

முழுக் கடிதம் ஒன்றைக் காட்ட முடியுமா?

பல திருத்தங்களுக்குப் பிறகு அவர் அனுப்பத் தயார் செய்த கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

மதிப்பிற்குரிய திட்ட ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மரக்காணம் ஒன்றியத்தில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காகத் தாங்கள் நடத்தும் வாசிப்பு மையங்களில் களப்பணியாளராகச் சேரும் வாய்ப்பு தற்போதோ வரும் கல்வியாண்டிலோ இருக்குமா என்று அறிய இக்கடிதத்தை எழுதுகிறேன். குழந்தைகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல் வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்து அமர்த்துவதாகத் தங்கள் ஆண்டறிக்கையில் படித்தேன். நான் தனியாக வகுப்பு நடத்தியபோது செய்ய முயன்று, பாதியில் விட்டது அதுதான்.

2022 ஜூலை முதல் 2023 மார்ச் வரை எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக 132 மாலைகள் வகுப்பு நடத்தினேன். 20 குழந்தைகளோடு தொடங்கி, 17 பேரோடு முடித்தேன். தொடக்கத்தில் இந்த 17 பேரில் நான்கு பேர் எளிய கதையைப் படித்தார்கள். முடிவில் பதினொரு பேர் படித்தார்கள். பள்ளி வகுப்புகளின் பங்கும் இதில் உண்டு. ஆறு பேருக்குக் கடைசிவரை வரவில்லை. அவர்களில் நால்வருக்கு எழுத்துகள் தெரியும், சொல்லாகக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை.

பாடப்பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்த நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனால், அதே சொற்களை இடம் மாற்றி எழுதிக் கொடுத்தபோது படிக்க முடியவில்லை. அதன்பின் புத்தகத்தில் இல்லாத வாக்கியங்களை நானே எழுதிப் படிக்கவைத்தேன். சிலருக்கு உதவியது, அந்த நால்வருக்கு உதவவில்லை. அதற்கு என்ன செய்வதென்று தங்கள் மையங்களில் கற்றுக்கொண்டு செய்ய விரும்புகிறேன்.

இளங்கலை வரலாறு முடித்துள்ளேன். ஆசிரியர் பயிற்சி பெறவில்லை. இருசக்கர வாகனம் ஓட்டுவேன். ஒன்றியத்துக்குள் எந்த ஊருக்கும் சென்று வர இயலும். எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் என் வகுப்புகளை நேரில் பார்த்திருக்கிறார். தங்களிடம் பேச ஒப்புக்கொண்டுள்ளார். வருகைப் பதிவேட்டையும் கொண்டுவந்து காட்ட முடியும்.

தங்கள் உண்மையுள்ள,

"ஆறு பேருக்கு வரவில்லை", "ஆசிரியர் பயிற்சி பெறவில்லை" என்றெல்லாம் நாமே எழுதிக் கொடுப்பது நம் காலில் நாமே வெட்டிக்கொள்வது ஆகாதா?

எல்லாக் குறையையும் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணிக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒன்று உங்களிடம் இல்லையென்றால், முதல் நேர்காணலிலேயே அது தெரிந்துவிடும். அதை நான்கு சொற்களில், வருத்தமோ சமாதானமோ சேர்க்காமல் சொல்லிவிட்டால் படிப்பவர் அதை அத்தோடு விட்டுவிடுகிறார். "பயிற்சி பெறாவிட்டாலும் அர்ப்பணிப்பு உள்ளவள்" என்று சமாதானம் சேர்த்தால்தான் அந்த இல்லாமை கண்ணில் உறுத்துகிறது. ஆறு பேரைப் பற்றிய வரி வேறு வகையானது. அது அவருடைய ஆர்வத்துக்கே காரணம். அதை எடுத்துவிட்டால் மூன்றாவது பத்திக்கு அடித்தளம் இருக்காது.

நான் எழுதியதை அவர்கள் உண்மையிலேயே விசாரிப்பார்களா? பதில் வராவிட்டால் என்ன செய்வது?

மூன்று வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு முறை, இரண்டு வரிகளில் நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்தில் இப்போது இடமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாரிப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாங்கள் பெரும்பாலும் தொலைபேசியில் பரிந்துரையாளரை அழைத்து, கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு எண்ணைத்தான் சரிபார்ப்போம். ஆளைப் பற்றிப் புகழ்ந்து சொல்லுங்கள் என்று கேட்டால் யாரும் புகழ்வார்கள்; "எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்?" என்று கேட்டால் பார்த்ததைச் சொல்வார்கள். ஆகவே பரிந்துரையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவதோடு, அனுப்பப்போகும் கடிதத்தின் படியையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். விழுப்புரத்துப் பெண் அப்படிக் கொடுத்தபோது தலைமையாசிரியர் ஒரு திருத்தம் சொன்னார். நின்றுபோன மூவரில் ஒருத்தி ஜனவரியில் திரும்பி வந்தாள், ஆனால் சோதனையன்று அவள் ஊரில் இல்லை என்று நினைவுபடுத்தினார். அந்தப் பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் சொன்னது சரிதான். "17 பேரோடு முடித்தேன்" என்ற வாக்கியத்தை "முடிவில் சோதித்தது 17 பேரை" என்று மாற்றி எழுதி அனுப்பினார்.